42 பேர் விசாரித்தார்கள், 3 பேர் வாங்கினார்கள்: சமூக ஊடக விளம்பர வேலைக்கு நேர்காணல் போகிறவர்களுக்கு

மதுரையில் இந்த வேலைக்கு ஆள் எடுப்பவை பெரும்பாலும் சிறிய ஏஜென்சிகள். கே.கே.நகரிலோ அண்ணா நகரிலோ ஒரு மாடி, ஐந்தாறு பேர், கையில் சில கடைகளின் பக்கங்கள். ஜவுளிக்கடை, பல் மருத்துவமனை, மெஸ், நகைக்கடை என்று கலந்து இருக்கும். புதிதாகச் சேர்கிறவர் முதல் வாரத்திலேயே மூன்று நான்கு கடைகளின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் நேர்காணலில் பாடப்புத்தக விளக்கங்களைப் பெரிதாகக் கேட்பதில்லை. ஒரு கடையைக் கொடுத்தால் இவர் என்ன செய்வார் என்பதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். தெற்கு மாசி வீதிப் பக்கம் இருக்கும் ஒரு சுங்குடிச் சேலைக் கடையை உதாரணமாக வைத்துக்கொண்டு அந்தக் கேள்விகளைப் பார்ப்போம். கடையும் கணக்கும் விளக்கத்துக்காக அமைத்தவை.

“நீங்க கவனிக்கிற ஒரு பேஜைப் பத்திச் சொல்லுங்க”

பேச்சைத் தொடங்க இதைக் கேட்பார்கள். நாடு முழுக்கத் தெரிந்த பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லி, “அவங்க மீம்ஸ் செமயா இருக்கும் சார்” என்றால் அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனியின் செலவும் ஆள்பலமும் நம்மூர்க் கடைக்குக் கிடையாது.

முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மதுரையில் உள்ள ஒரு கடையின் பக்கத்தைத் திறந்து, கடைசி 12 பதிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். தேதி, ரீலா படமா, என்ன பொருள், விலை போட்டிருக்கிறதா, கமெண்ட்டில் என்ன கேட்டிருக்கிறார்கள், கடை பதில் சொன்னதா என்று ஒவ்வொன்றுக்கும் குறியுங்கள். “விலை என்ன?” என்று கேட்டவர்களில் எத்தனை பேருக்குப் பதில் இல்லை என்று எண்ணுங்கள். நேர்காணலில், “அந்தக் கடையோட கடைசி 12 பதிவுல 19 பேர் விலை கேட்டிருக்காங்க மேடம், 5 பேருக்குத்தான் பதில் போயிருக்கு” என்று சொன்னால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அலங்காரத்தை மட்டும் பார்க்காமல் வாடிக்கையாளரையும் பார்க்கிற ஆள் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

“இந்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு என்ன தோணுதுன்னு சொல்லுங்க”

நேர்காணலின் நடுப்பகுதி இதுதான். மடிக்கணினியைத் திருப்பி வைப்பார்கள், அல்லது ஒரு தாளில் எண்களை எழுதிக் கொடுப்பார்கள். நம் சுங்குடிக் கடைக்கு இப்படி ஒரு கணக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு ரீலை 5 நாள் விளம்பரமாக ஓட்டியிருக்கிறார்கள். செலவு 3,000 ரூபாய், வரி தனி. 60,000 பேரைச் சென்றடைந்தது. மொத்தம் 75,000 முறை காட்டப்பட்டது. 2,400 லைக். வாட்ஸ்அப்பில் 42 பேர் பேசினார்கள். 3 சேலை விற்றது. சேலை விலை 1,100, அதில் கடைக்கு நிற்பது 300.

பதற்றத்தில் பலர், “60,000 ரீச் நல்ல ரீச் சார்” என்று தொடங்கிவிடுவார்கள். அங்கேயே பதில் விழுந்துவிடும். நல்ல பதில் பணத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகும். எழுதிக் கணக்குப் போடப் பேனா கேட்பதில் தப்பில்லை, கேளுங்கள்.

முதலில் விற்பனை. 3 சேலைக்கு 3,000 என்றால் ஒரு சேலையை விற்க விளம்பரத்துக்கே 1,000 ரூபாய் போயிருக்கிறது. கையில் நிற்பது 300. விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதையும் சேர்த்தால் செலவு 3,540. இந்தக் காசு திரும்பி வரவே 12 சேலை விற்றிருக்க வேண்டும். இதை வாயால் சொல்லுங்கள்: “12 வித்திருந்தாத்தான் கை கடிக்காது சார், 3தான் வித்திருக்கு.” இந்த வரியைச் சொல்கிறவர் கடைக்காரரின் கல்லாப் பக்கம் நின்று யோசிக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்து, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். ஆயிரம் முறை காட்ட 40 ரூபாய் ஆகியிருக்கிறது. காட்டுவது மலிவாகத்தான் நடந்திருக்கிறது, அங்கே குறை இல்லை. 2,400 பேர் லைக் போட்டதால் ரீலும் பார்க்கும்படி இருக்கிறது. ஆனால் லைக் போட்ட கூட்டத்துக்கும் பேச வந்த 42 பேருக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “விளம்பரம் போடும்போது நோக்கம் எதைத் தேர்ந்தெடுத்தாங்க?” லைக்கும் கமெண்ட்டும் நிறைய வரட்டும் என்று தேர்ந்தெடுத்திருந்தால், மெட்டாவின் அமைப்பு லைக் போடும் பழக்கம் உள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும். அவர்கள் சேலை வாங்குகிறவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கேட்டதைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் பேச வைப்பதே நோக்கம் என்று தேர்ந்தெடுத்தால் தேடுகிற கூட்டமே மாறும். கூடவே வயது, ஆண் பெண், ஊர் வாரியான பிரிவையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பார்த்தவர்களில் பெரும்பங்கு 18 முதல் 24 வயதுப் பையன்கள் என்று வந்தால், லைக் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும்.

இத்தனை வரை சொல்கிறவர்கள் ஓரளவு இருக்கிறார்கள். இதற்கு மேலே போகிறவர்கள் குறைவு. அந்த 42 உரையாடல்களையும் திறந்து படிக்க வேண்டும் என்று சொல்கிறவரைத்தான் எடுக்கத் தோன்றும். விளம்பரக் கணக்கைக் காட்டும் மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜர் 42 என்ற எண்ணோடு நின்றுவிடும். அதற்குள்ளே என்ன பேசினார்கள் என்பது கடையின் போனில் இருக்கிறது. படித்துப் பார்த்தால் இப்படிப் பிரிந்திருக்கலாம்: 26 பேர் விலை கேட்டு, சொன்னதும் பேசாமல் போய்விட்டார்கள். 9 பேருக்கு மறுநாள்தான் பதில் போயிருக்கிறது. 4 பேர் வீட்டில் வந்து கொடுத்த பிறகு பணம் தரலாமா என்று கேட்டு, முடியாது என்றதும் விட்டுவிட்டார்கள். 3 பேர் வாங்கினார்கள்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது தானாக வரிசைப்படும். காசு செலவாகாத வேலைகள் முதலில். மறுநாள் பதில் போன 9 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஆசைப்பட்ட நேரத்தில் கடை பேசவில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உடனடி பதில்களை எழுதி வைத்துக்கொள்ளலாம். விலை, நீளம், கூரியர் நாள், பணம் கட்டும் முறை என்று நான்கு பதில் போதும். இரவு 8 முதல் 10 வரை யார் போனைப் பார்ப்பது என்றும் முடிவு செய்ய வேண்டும். அடுத்து, விலையை ரீலிலேயே போட வேண்டும். 1,100 கட்டாது என்பவர் பேச வராமலே போய்விடுவார், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இவை முடிந்த பிறகுதான் நோக்கத்தையும் பார்வையாளர்களையும் மாற்றி மறுபடி காசு போட வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, சொன்னால் மதிப்பு கூடும். இப்போது ஒரு உரையாடலுக்கு 71 ரூபாய் ஆகிறது. விலையைப் போட்ட பிறகு சும்மா விசாரிக்கிறவர்கள் குறைவதால் அது 100 ரூபாய்க்குக்கூட ஏறலாம். ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கிறவர், விளம்பரம் கெட்டுவிட்டது என்று பயந்து நிறுத்திவிடுவார். பேசியவர்களில் வாங்கியவர்கள் கூடியிருந்தால், ஒரு விற்பனைக்கு ஆன செலவு 1,000த்திலிருந்து இறங்கியிருக்கும். எந்த எண் ஏறினால் கவலைப்பட வேண்டும், எது ஏறினால் பொறுக்கலாம் என்று பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் இந்தக் கேள்வியின் முழு மதிப்பெண்.

வீட்டில் பழக, இதே போன்ற ஐந்து எண்களை நீங்களே எழுதிக்கொண்டு, விற்பனையிலிருந்து பின்னோக்கிச் சத்தமாகப் பேசிப் பாருங்கள். மூன்று நான்கு முறை பேசினால் வாய் பழகிவிடும்.

“கடைக்காரர் 5,000 ரூபாய் தர்றார். என்ன பண்ணுவீங்க?”

பலர் இந்த 5,000த்தை இன்ஸ்டாகிராமுக்கு 2,000, ஃபேஸ்புக்குக்கு 1,500, யூடியூப்புக்கு 1,000, மீதி போஸ்டருக்கு என்று பங்கு பிரிப்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் எதிலும் ஒன்றும் தெரியவராது.

முதலில் வரியைக் கழியுங்கள். மொத்தமே 5,000 என்றால், 18 சதவீத ஜிஎஸ்டி போக விளம்பரத்துக்கு நிற்பது சுமார் 4,237. ஏழு நாளைக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய். மேலே பார்த்த 71 ரூபாய் கணக்கில் இதற்கு ஏறக்குறைய 60 உரையாடல் கிடைக்கும். மெட்டாவில் ஒரே பார்வையாளர்களுக்குக் காட்டும் விளம்பரங்களின் தொகுப்பை ஆட் செட் என்பார்கள். அது நிலைக்கு வர, ஒரு வாரத்தில் நாம் கேட்ட செயல் சுமார் 50 முறை நடக்க வேண்டும். அதுவரை அது கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இருக்கும், செலவு ஏறி இறங்கும். 60 உரையாடலுக்கான காசை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 15தான் வரும். ஒன்றுமே 50ஐத் தொடாது. அதனால் ஒரே ஆட் செட், அதற்குள் இரண்டு ரீல், ஏழு நாள் என்பதுதான் இந்தத் தொகைக்குத் தாங்கும். நடுவில் தினமும் தொகையையோ பார்வையாளர்களையோ பெரிதாக மாற்றினால் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும். மூன்றாம் நாள் கடைக்காரர் போன் செய்து “என்னம்மா, ஒண்ணும் வரலியே” என்று கேட்பார். அந்த அழுத்தத்தில் கை வைக்காமல் இருப்பீர்களா என்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

நல்ல பதில் ஒரு எதிர்க்கேள்வியோடு தொடங்கும்: “கடைக்கு ஆள் வரணுமா சார், கூரியர்ல போகணுமா?” ஆள் வர வேண்டுமென்றால் வரைபடத்தில் கடையின் மேல் புள்ளி வைத்து, சுற்றளவைச் சுருக்கிக்கொள்ளலாம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வரை தொட்டால் போதும். கூரியர் என்றால் சென்னையும் கோவையும் உள்ளே வரும், ரீலில் பேசுவதும் மாறும்.

“இதுக்கு ஒரு கேப்ஷன் எழுதுங்க”

ஒரு சேலைப் படத்தைக் கொடுத்துப் பத்து நிமிடம் தருவார்கள். “மதுரையின் மணம், மரபின் நிறம்” என்ற வகையில் எழுதினால் எந்தச் சேலைக்கும் ஒட்டும், எந்தக் கடைக்கும் ஒட்டும்.

எழுதும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: “இது முடிச்சுப் போட்ட சுங்குடியா, பிரிண்ட்டா?” கையால் துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுக்கிற பழைய முறை வேறு, அதே புள்ளிகளை அச்சாகப் போடுவது வேறு. விலையும் வேறு. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரிண்ட் சேலைக்குக் கீழே கைமுடிச்சு என்று எழுதிவிட்டால், விவரம் தெரிந்த ஒரு அக்கா கமெண்ட்டில் வந்து கேட்டால் கடையின் பெயர் போகும். எழுதுவதற்கு முன் பொருளைப் பற்றிக் கேட்கும் ஆளை நம்பிக் கடையின் பக்கத்தை ஒப்படைக்கலாம். இந்தச் சோதனையை வைப்பதே அதைப் பார்ப்பதற்குத்தான்.

முதல் வரிதான் கண்ணில் படும், மீதி மறைந்திருக்கும். ஆகவே பொருளும் விலையும் முதல் வரியிலேயே வரட்டும். இப்படி:

“பருத்திச் சுங்குடி, அச்சுப் புள்ளி, 1,100 ரூபாய். வெயிலுக்கு உடம்போடு ஒட்டாது. முதல் இரண்டு முறை தனியாக நனைத்துத் துவையுங்கள். மாம்பழ மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும் இருக்கின்றன. வேண்டும் என்றால் நிறத்தை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், இன்றே படம் அனுப்புகிறோம்.”

கடைசி வாக்கியம், படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றே ஒன்றைச் சொல்கிறது. லைக் போடுங்கள், ஷேர் செய்யுங்கள், டேக் செய்யுங்கள், கடைக்கு வாருங்கள் என்று நான்கையும் கேட்டால் ஒன்றும் நடக்காது.

ரீலுக்கு எந்தப் பாட்டு வைப்பீர்கள் என்று சேர்த்துக் கேட்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் சினிமாப் பாட்டைச் சொன்னால் சிக்கல். வணிகக் கணக்குகளுக்கு உரிமம் பெற்ற பாட்டுகளின் பட்டியல் சுருக்கம். அதில் இல்லாத பாட்டை விளம்பரத்தில் வைத்தால் சத்தம் நிறுத்தப்படலாம், பதிவே எடுக்கப்படலாம். மெட்டா தரும் இலவச ஒலித் தொகுப்பையோ, கடையில் பதிவு செய்த பேச்சையோ பயன்படுத்துவேன் என்பது சரியான பதில்.

“‘சாயம் போகுது, ஏமாத்துறாங்க’ன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்கார்”

அழித்துவிடுவேன் என்பது மோசமான பதில். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்தில் போடுவார், அப்போது இரண்டு குற்றம் சேரும். “உடனே பணத்தைத் திருப்பித் தர்றோம்னு எழுதுவேன்” என்பதும் தப்பான பதில்தான். அந்த அதிகாரம் உங்களிடம் இல்லை.

படிப்படியாகச் சொல்லுங்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்ப வேண்டும். பிறகு எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே இரண்டு வரி: “சிரமத்துக்கு வருந்துகிறோம் அக்கா. பில் எண்ணையும் சேலையின் படத்தையும் மெசேஜில் அனுப்புங்கள், இன்று மாலைக்குள் கடையிலிருந்து பேசுவார்கள்.” பில்லையோ போன் நம்பரையோ கமெண்ட்டில் போடச் சொல்லக் கூடாது. மாலைக்குள் என்று எழுதினால் மாலைக்குள் பேச வேண்டும். அதைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுத வேண்டும். “முதல் தடவை தனியாத் துவைக்கணும்னு தெரியாதா?” என்ற தொனி எந்த வடிவத்திலும் வரக் கூடாது, துவைத்த முறையே காரணமாக இருந்தாலும். கெட்ட வார்த்தை இருந்தால் மட்டும் மறைக்கலாம்.

பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே நிறத்தைப் பற்றி வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று மெசேஜ்களில் தேடுவேன், இரண்டு மூன்று பேர் இருந்தால் அந்த நிறம் வரும் விளம்பரத்தை நிறுத்தி வைக்கலாமா என்று கடைக்காரரைக் கேட்பேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். குறை ஒருவருடையதா, அந்தச் சரக்கினுடையதா என்று பிரித்துப் பார்ப்பவர் கடைக்கு வரப்போகும் நஷ்டத்தை முன்னாலேயே தடுப்பவர்.

“ஒரு மாசத்துல 10,000 ஃபாலோயர் கொண்டு வருவீங்களா?”

ஆசை காட்டிப் பார்க்கும் கேள்வி. கொண்டு வருவேன் என்று உறுதி கொடுத்தால், காசு கொடுத்து வாங்குவீர்களோ என்ற சந்தேகம் வரும். வாங்கிய கணக்குகள் சேலை வாங்காது, கமெண்ட் போடாது. கணக்கின் புள்ளிவிவரத்தில் கடையின் கூட்டம் ஏதோ தொலைதூர ஊர்களில் இருப்பதாகக் காட்டி, அடுத்த விளம்பரத்துக்கு ஆள் தேடுவதையும் குழப்பும். “எண்ணிக்கைக்கு உறுதி தர முடியாது சார். வாரம் எத்தனை பதிவு போடுவேன், எத்தனை மணிக்குள்ள பதில் சொல்வேன்னு உறுதி தரலாம்” என்று நேராகச் சொல்லலாம். முகம் சுளிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம்.

“எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?”

இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். மூன்று கேள்வி கேட்கலாம். வாட்ஸ்அப் மெசேஜுக்குப் பதில் சொல்வது நானா, கடையா? விற்ற கணக்கு எனக்குத் தெரியவருமா? தெரியாவிட்டால் மேலே போட்ட கணக்கு எதையும் போட முடியாது. மூன்றாவது, கடைகளின் பக்கத்துக்கு எனக்கு அனுமதி எப்படித் தருவீர்கள்? மெட்டா பிசினஸ் வழியாக உங்கள் பெயரில் தனி அனுமதி தருவதுதான் முறை. ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேருக்குச் சொல்லும் இடத்தில், கணக்கு முடங்கினால் யார் செய்ததென்று தெரியாது. விளம்பரக் கணக்கில் உங்கள் சொந்த கார்டைப் போடச் சொன்னால், சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். கடையின் கார்டோ ஏஜென்சியின் கார்டோதான் அங்கே இருக்க வேண்டும்.